இஞ்சி வைன் கோழியில் ஆல்கஹால் எவ்வளவு மிஞ்சுகிறது? அளந்து, சுண்டவைத்துக் குறைக்கும் முறை

"கொதிச்சா ஆல்கஹால் எல்லாம் ஆவியாப் போயிடும்" என்று பினாங்கிலும் கேஎல்லிலும் எந்தச் சமையலறையில் கேட்டாலும் சொல்வார்கள். போகும், ஆனால் எல்லாம் போகாது. கொதிக்கும் குழம்பில் வைனை ஊற்றி உடனே அடுப்பை அணைத்தால், ஊற்றியதில் சுமார் 85% அதிலேயே இருக்கும். அரை மணி நேரம் கொதித்தால் 35%, ஒரு மணி நேரத்துக்கு 25%, இரண்டரை மணி நேரத்துக்கு 5%. இவை அமெரிக்க விவசாயத் துறையின் ஊட்டச்சத்துப் பட்டியலில் உள்ள எண்கள். 1992இல் வெளியான ஆய்வு ஒன்றில், உணவுகளைச் சமைத்து, மிஞ்சிய ஆல்கஹாலை அளந்து பார்த்தபோது கிடைத்தவையும் இதே போக்கில்தான் இருந்தன.

இங்கே எடுத்துக்கொள்வது ஒரே ஒரு உணவு: பிள்ளை பெற்றவளுக்குச் சீனர் வீடுகளில் ஆக்கிக் கொடுக்கும் இஞ்சி வைன் கோழி. சீன மருமகள் இருக்கும் தமிழ் வீட்டிலும், பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் பக்குவம் கேட்ட வீட்டிலும் இப்போது இது பத்தியச் சாப்பாட்டோடு சேர்ந்துவிட்டது. இதில் ஊற்றும் வைன் ஒரு கரண்டி அல்ல, ஒரு தம்ளருக்கும் மேல். அதனால்தான் கணக்கு இங்கே அவசியமாகிறது.

1. முதலில் யார் சாப்பிடப் போகிறார்கள் என்று முடிவு செய்யுங்கள்

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், சிலருக்கு "குறைத்தால் போதும்" என்ற பேச்சே பொருந்தாது. விருந்துக்கு வரும் மலாய் நண்பருக்கு, வைன் ஊற்றிய உணவு எத்தனை மணி நேரம் கொதித்தாலும் ஹலால் ஆகாது. மிச்சம் எத்தனை சதவீதம் என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை. குடியை விட்டவர், ஆல்கஹாலோடு சேரக்கூடாத மருந்து எடுப்பவர், சிறு பிள்ளைகள் ஆகியோருக்கும் வைன் இல்லாத பானை தனியாக வேண்டும். இஞ்சி, காய்ந்த காளான் ஊறிய தண்ணீர், சிவப்புப் பேரீச்சை ஆகியவற்றைக் கொண்டு ஒரு நல்ல சாறு வைத்துவிடலாம். வைன் போட்டதைச் சுண்டவைத்து அவர்களுக்குக் கொடுப்பது குறுக்குவழி. அந்த வழி வேண்டாம்.

பாலூட்டும் தாய்க்கு ஓரளவு சாப்பிடலாமா என்பது வீட்டுக்கு வரும் தாதியிடமோ மருத்துவரிடமோ கேட்க வேண்டியது. பொதுவாகச் சொல்லப்படும் வழிமுறை, ஒரு நிலையான அளவு மது (சுமார் 10 கிராம் ஆல்கஹால்) உள்ளே போனால், அடுத்த முறை பால் கொடுக்கக் குறைந்தது இரண்டு மணி நேரம் விட வேண்டும் என்பது. உங்கள் கிண்ணத்தில் எத்தனை கிராம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் இந்தப் பேச்சுக்கே அர்த்தம் வரும்.

2. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

அளவுக் குவளை ஒன்று, 5 கிலோ வரை நிறுக்கும் சமையல் தராசு ஒன்று, வாய் அகன்ற குவாலி அல்லது பரந்த பாத்திரம் ஒன்று. பாத்திரம் அகலமாக இருக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: ஆல்கஹால் வெளியேறும் வாசல் திரவத்தின் மேற்பரப்புதான். உயரமான குறுகிய பானையில் அதே அளவு ஊற்றினால் வாசல் சிறியது.

தராசு எதற்கு என்று பலரும் கேட்பார்கள். குச்சியால் மட்டம் பார்த்தால் போதாதா? கோழிச் சாற்றில் போதாது. ஆவியாகும் அதே நேரத்தில் கோழி தன் நீரை விடும், காளான் நீரைக் குடிக்கும். மட்டம் அப்படியே நிற்பதுபோல் தெரியும், ஆனால் அரைத் தம்ளர் ஆவியாகியிருக்கும். எடை இந்த ஏமாற்றைச் செய்யாது. பானைக்குள் எதிலிருந்து எதற்குப் போனாலும் மொத்த எடை மாறாது, வெளியே போன ஆவிக்கு மட்டுமே அது குறையும்.

3. போத்தலைப் படியுங்கள், கிராமாக மாற்றுங்கள்

சீனக் கடைகளில் வாங்கும் ஹுவா தியாவ், ஷாவ்சிங் வைன்களில் பெரும்பாலும் 14 முதல் 18% வரை என்று அச்சிட்டிருக்கும். சித்தியவான் பக்கத்து ஃபூச்சாவ் வீடுகளின் சிவப்பரிசி வைன், ஹக்கா வீடுகளின் மஞ்சள் வைன் போல வீட்டில் ஊறியதாக இருந்தால் எண் இருக்காது. அப்போது 15% என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. குறைத்து மதிப்பிட்டு ஏமாறுவதைவிட இது மேல்.

கணக்கு எளிது. மில்லிலிட்டரை சதவீதத்தால் பெருக்கி, அதை 0.79ஆல் பெருக்குங்கள். ஒரு மில்லிலிட்டர் ஆல்கஹால் ஒரு மில்லிலிட்டர் தண்ணீரைவிட லேசு, அதனால்தான் 0.79. உதாரணமாக 375 மில்லி, 15% வைனில் 56 மில்லி ஆல்கஹால்; அதாவது 44 கிராம். இந்த 44 என்ற எண்ணைத் தாளில் எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை: "சமையல் வைன்" என்று உப்புப் போட்டு விற்பவற்றிலும் ஆல்கஹால் இருக்கிறது. உப்பு சேர்ப்பது குடிக்க முடியாமல் செய்வதற்குத்தான், ஆல்கஹாலைக் குறைப்பதற்கு அல்ல.

4. ஏன் 78 பாகையில் எல்லாம் பறந்துவிடுவதில்லை

தனி ஆல்கஹால் 78 பாகை செல்சியஸில் கொதிக்கும் என்பது உண்மை. ஆனால் உங்கள் பானையில் தனி ஆல்கஹால் இல்லை, தண்ணீரோடு கலந்த ஆல்கஹால் இருக்கிறது. 15% வைன் சுமார் 91 பாகையில்தான் கொதிக்கத் தொடங்கும். அதை ஒன்றரை லிட்டர் சாறாக நீர்த்தால் கொதிநிலை 97 பாகை வரை ஏறும்.

அப்படிக் கொதிக்கும்போது மேலே போவது இரண்டும் கலந்த ஆவி. நீர்த்த சாற்றில், திரவத்தில் இருக்கும் ஆல்கஹால் பங்கைப்போல 8 முதல் 10 மடங்கு ஆவியில் இருக்கும். அதனால் தொடக்கத்தில் வேகமாகக் குறையும். சாற்றில் பங்கு குறையக் குறைய, வெளியே போகும் ஆவியிலும் குறையும், வால் நீண்டுகொண்டே போகும். முழுச் சூனியம் என்று ஒரு நிமிடம் வருவதில்லை.

இதிலிருந்து வரும் விதி இந்தக் கட்டுரையின் அச்சு: பார்க்க வேண்டியது கடிகாரத்தை அல்ல, பானையைவிட்டு எவ்வளவு ஆவி வெளியேறியது என்பதை. மேலே சொன்ன பட்டியலின் நேரக்கணக்கு திறந்த பாத்திரத்தில் சாதாரணமாகக் கொதிக்கும் உணவுக்கு ஒரு குத்துமதிப்பு. அடுப்பும் பாத்திரமும் மாறினால் அதுவும் மாறும்.

5. சிறந்த வழி: வைனைத் தனியே முதலில் சுண்டவையுங்கள்

வைனை ஒன்றரை லிட்டர் சாற்றில் கரைத்துவிட்டுப் பிறகு ஆல்கஹாலைத் துரத்துவது தலைகீழ் வேலை. எல்லாத் தண்ணீரையும் சேர்த்துக் கொதிக்கவைக்க வேண்டி வரும். வைன் அடர்த்தியாக இருக்கும்போதே துரத்துவது எளிது. ஆய்வகத்தில் வைனின் ஆல்கஹாலை அளக்கும்போதும் இதையே செய்கிறார்கள்: வைனில் பாதிக்கு மேல் வடித்து எடுத்தால், வடித்த பகுதிக்குள் ஏறக்குறைய எல்லா ஆல்கஹாலும் வந்துவிடும். அடியில் மிஞ்சும் பாதியில் கொஞ்சமே தங்கும்.

செய்முறை:

குவாலியை அடுப்பில் வைக்கும் முன் வெறுமையாக நிறுத்து, எடையைக் குறியுங்கள். பிறகு 375 மில்லி வைனை ஊற்றி நிறுக்கவும். அடுப்பை நடுத்தரத் தீயில் வைத்து, புகைபோக்கி விசிறியைப் போட்டு, மூடாமல் கொதிக்க விடுங்கள். தொடக்கத்தில் தீயைப் பெரிதாக்க வேண்டாம்: முதல் சில நிமிடங்களில் வரும் ஆவியில்தான் ஆல்கஹால் அதிகம், குவாலியின் விளிம்பைத் தாண்டும் எரிவாயுத் தீ அதைப் பற்றவைக்கலாம். குனிந்து மோப்பம் பார்க்கவும் வேண்டாம், கண் எரியும்.

நல்ல கொதி வந்த பிறகு, 10 முதல் 12 நிமிடத்தில் பெரும்பாலும் பாதியாகச் சுண்டும். நேரத்தை நம்பாதீர்கள், இடையில் இறக்கி நிறுங்கள். உள்ளே இருப்பது ஏறத்தாழ 190 கிராம் ஆனதும் நிறுத்துங்கள். கணக்குப்படி இப்போது தொடக்க ஆல்கஹாலில் ஒன்றிரண்டு சதவீதம்தான் இருக்க வேண்டும். வீட்டு அடுப்பில் விளிம்பில் குளிர்ந்து திரும்பச் சொட்டுவது, சீராகக் கொதிக்காதது எல்லாம் உண்டு. எனவே 5% மிச்சம் என்று வைத்துக் கணக்கிடுங்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு, மறைக்க வேண்டாம். ஆல்கஹாலோடு பழவாசனை தரும் மென்மையான சேர்மங்களும் போகும். புளிப்பும் இனிப்பும் அடர்த்தியாகும். வீட்டு மஞ்சள் வைன் இனிப்பானது, பாதியாகும்போது லேசாகப் பாகுபோல் வரும். கிளறாமல் விட்டால் விளிம்பில் கருகும். உப்புப் போட்ட சமையல் வைனென்றால் உப்பு இரண்டு மடங்காகிவிடும், அதை இந்த முறைக்குப் பயன்படுத்தாதீர்கள். போன வாசனையை ஈடுசெய்ய, இஞ்சியைச் சற்று அதிகமாக, தோலோடு தட்டி, வறுத்த எள் எண்ணெயில் ஓரம் சுருளும்வரை பொரித்துக்கொள்ளலாம். இஞ்சியைக் கறுக்கவிட்டால் கசக்கும். மஞ்சள் நிறம் பழுப்பாக மாறும் இடம்தான் எல்லை.

6. பானையிலேயே குறைக்க வேண்டும் என்றால்

வைனைத் தனியே சுண்டவைக்க மனமில்லாதவர்கள், சாற்றில் சேர்த்துக் குறைக்கலாம். அப்போது எடை முறையே துணை. மொத்தத் திரவம் ஒன்றரை லிட்டர் என்று வைத்துக்கொண்டால், தோராயமாக இப்படிப் போகும்: 150 கிராம் குறைந்தால் சுமார் 40% மிஞ்சும், 300 கிராம் குறைந்தால் சுமார் 15%, 450 கிராம் குறைந்தால் சுமார் 5%. இவை நன்றாகக் கொதிக்கும் திறந்த பாத்திரத்துக்கான கணக்கு எண்கள். உங்கள் அடுப்பில் சற்று அதிகமாக மிஞ்சும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

எள் எண்ணெய் மேலே படலமாகத் தங்கும் உணவு இது. படலம் ஆவியைத் தடுக்கும். அவ்வப்போது அகப்பையால் மேலிருந்து கீழாகக் கிளறிவிடுங்கள்.

சாறு வற்றிவிட்டதே என்று நடுவில் சுடுநீர் ஊற்றுவது எல்லோருக்கும் வரும் கை. ஊற்றலாம், ஆனால் ஊற்றிய அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். 300 கிராம் போன பிறகு 300 கிராம் ஊற்றினால் தராசு பழைய எண்ணைக் காட்டும்; ஆல்கஹால் திரும்பி வந்துவிடவில்லை. எனினும், ஊற்றுவதைக் கடைசிக்கு ஒத்திவைப்பது நல்லது. நீர் கூடினால் ஆல்கஹால் மேலும் நீர்த்து, ஆவியில் ஏறும் பங்கும் குறையும்.

நுரை எடுத்தெறிந்தால், கோழித்துண்டை எடுத்துச் சுவை பார்த்தால் அந்த எடையையும் கழிக்க வேண்டும். இதை மறந்துவிட்டு "ஆவியாகிவிட்டது" என்று எண்ணிக்கொள்வது வழக்கமான தவறு.

7. மூடி, விசில் குக்கர், டபுள் பாயில்

மூன்றிலும் ஒரே குறை: ஆவி திரும்பி உள்ளே விழுகிறது. மூடியின் உட்புறத்தில் துளி கோத்து நிற்பதைப் பாருங்கள், அந்தத் துளியில் ஆல்கஹால் பங்கு சாற்றில் உள்ளதைவிட அதிகம். அது சொட்டுச் சொட்டாக மறுபடி பானைக்குள் போகிறது.

பிரஷர் குக்கரில் நான்கு விசில் வந்தாலும் வெளியேறும் ஆவி கொஞ்சம்தான். நாட்டுக்கோழி சீக்கிரம் வேகட்டும் என்று குக்கரில் வைப்பவர்கள், வைனை முன்பே சுண்டவைத்திருக்க வேண்டும். அல்லது மூடியைத் திறந்தபிறகு திறந்த தீயில் 300 கிராமாவது குறைக்க வேண்டும்.

சீன மருந்துக்கடைச் சாறுகளுக்கு வைக்கும் டபுள் பாயில் பீங்கான் ஜாடி இன்னும் மோசம். மூடிய ஜாடிக்குள் மூன்று மணி நேரம் வெந்தாலும் வெளியே போகும் ஆவி சொற்பம். "மூன்று மணி நேரம் வெந்தது, ஆல்கஹால் எங்கே இருக்கப்போகிறது" என்ற வாதம் இங்கே செல்லாது.

8. கடைசியில் தெளிப்பது, தீ மூட்டுவது

இறக்கும் முன் வாசனைக்கு ஒரு கரண்டி வைன் தெளிப்பது சீனச் சமையலின் பழக்கம். சுவைக்கு அது சரி. ஆனால் அந்தக் கரண்டியில் இருந்ததில் 85% கிண்ணத்துக்குள் போகிறது. 15 மில்லி, 15% வைன் என்றால் ஒன்றே முக்கால் கிராம் ஆல்கஹால். அதில் ஒன்றரை கிராம் மிஞ்சும். பாதியாகச் சுண்டவைத்த முழு வைனிலும் மிஞ்சும் 2 கிராமோடு ஒப்பிடுங்கள். வேலையெல்லாம் செய்துவிட்டுக் கடைசியில் ஒரு கரண்டி தெளித்தால், மொத்தம் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். தெளிக்காமல் இருப்பதே மேல்.

பிராந்தி ஊற்றிக் குவாலியில் தீ எழுப்பினால் எல்லாம் எரிந்துபோகும் என்று நினைப்பதும் சரியல்ல. தீ எரிய ஆவியில் போதிய ஆல்கஹால் வேண்டும். திரவத்தில் ஆல்கஹால் ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் தீ அணைந்துவிடும், மிச்சம் அப்படியே தங்கும். பட்டியலில் தீ மூட்டிய உணவில் 75% மிச்சம் என்றுதான் இருக்கிறது. தீ அணைவது ஆல்கஹால் தீர்ந்ததற்கு அடையாளமல்ல. போத்தலிலிருந்து நேராக ஊற்றுவது மட்டும் கூடவே கூடாது. தீ போத்தல் வாய்வரை ஏறும்.



9. ஒரே கோழி, மூன்று வழிகள்

ஒரு கோழி, 375 மில்லி 15% வைன், ஒன்றேகால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர். மொத்தத் திரவம் சுமார் ஒன்றரை லிட்டர், அதில் ஆல்கஹால் 44 கிராம். ஒரு நாளில் பானையில் பாதியைத் தாய் சாப்பிடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வழி, கோழி வெந்தபிறகு வைனை ஊற்றி ஒரு கொதி வந்ததும் இறக்குவது. மிச்சம் 85%, அதாவது 38 கிராம். தாயின் பங்கு 19 கிராம். ஏறக்குறைய இரண்டு நிலையான அளவு மதுவுக்குச் சமம். பலர் சமைப்பது இப்படித்தான், காரணம் வாசனை போகாது.

இரண்டாவது, தொடக்கத்திலேயே ஊற்றித் திறந்து வைத்து அரை மணி நேரம். பட்டியலின்படி 35%, 15 கிராம் சொச்சம். அவள் பங்கு 8 கிராமுக்கு அருகில். மூடி போட்டிருந்தால் இதைவிடக் கூடும்.

மூன்றாவது, வைனைப் பாதியாகச் சுண்டவைத்துப் பிறகு சேர்ப்பது. 5% என்று வைத்தால் 2.2 கிராம், அவள் பங்கு 1.1 கிராம். அதன்பிறகு சாறு மேலும் கொதிப்பதால் இன்னும் குறையும். பாலூட்டும் வீட்டில் மூன்றாவதைத் தவிர மற்ற இரண்டையும் பரிந்துரைக்க முடியாது.

10. எப்படித் தெரிந்துகொள்வது

மூக்கையும் நாக்கையும் நம்பாதீர்கள். மூக்கைக் குத்தும் ஆவி முதல் நிமிடங்களில் வரும், பிறகு குறையும், ஆனால் அது நின்றதும் ஆல்கஹால் நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. மறுபக்கம், சுண்டவைத்த வைனில் ஆல்கஹால் இல்லாமலே வைன் வாசனை இருக்கும். புளிப்பும் நொதித்த மணமும் போகாது. எள் எண்ணெயும் இஞ்சியும் சேர்ந்த பிறகு, 1% ஆல்கஹாலைக் கண்டுபிடிக்க எந்த நாக்காலும் ஆகாது. ஆல்கஹால் அளக்கும் மிதவைக் கண்ணாடிக் குழாயும் சாற்றில் பொய் சொல்லும், ஏனெனில் உப்பும் கொழுப்பும் சர்க்கரையும் அடர்த்தியை மாற்றிவிடுகின்றன.

நம்பத்தக்கவை இரண்டு எண்கள்தான்: தொடக்கத்தில் எத்தனை கிராம் போட்டோம், எத்தனை கிராம் ஆவியாகப் போனது. அந்தத் தாளைப் பானையின் பக்கத்திலேயே வையுங்கள். நாளை மறுபடி சூடாக்கும்போது மூடியைத் திறந்து ஒருமுறை கொதிக்கவிட்டுப் பரிமாறுங்கள். குளிர்பெட்டியில் இரவு முழுக்க இருந்தால் போய்விடும் என்று யாராவது சொன்னால், சூடாக்காமல் ஓர் இரவு வைத்ததில் 70% மிஞ்சும் என்று பட்டியல் சொல்வதைக் காட்டுங்கள்.